43 விசிட்டிங் கார்டு, 14,500 ரூபாய், ஒரே மெசேஜ்: யாரும் ஏமாறாதீர்கள்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நேற்று சாயங்காலம்தான் கடைசியாகக் கையை விரித்தார்கள். 14,500 ரூபாய். யார் என்று பெயர் சொல்லப்போவதில்லை. மாநாடுகளில் ஸ்டால் போட்டு, "நீங்கள் சந்தித்தவர்களை நாங்கள் தொடர்பில் வைத்துத் தருகிறோம்" என்று சொல்லும் வகைக் கம்பெனி, அவ்வளவு போதும்.

நான் திருப்பூரில் சின்னதாக ஒரு தண்ணீர் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். சாயப்பட்டறைக் கழிவுநீர்தான் முக்கால்வாசி வேலை. போன வாரம் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கோவையில் கழிவுநீர் சுத்திகரிப்பு பற்றி ஒரு மாநாடு. போனேன், 43 கார்டு வாங்கினேன். எனக்கு ஒரு பழக்கம், கார்டு வாங்கிய கையோடு ஓரமாக நின்று அதன் பின்பக்கம் பேனாவில் ஒரு வரி எழுதிவிடுவேன். "ஆவியாக்கியில் உப்புப் படிவு, வாரம் ஒரு தடவை கழுவுகிறார்", "புது மெம்பரேன் வாங்க யோசனை, தீபாவளிக்கு அப்புறம்" இப்படி. இல்லாவிட்டால் மறுநாள் எல்லா முகமும் ஒன்றாகிவிடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கால் வலியோடு வெளியே வரும்போது வாசலுக்குப் பக்கத்தில் அந்த ஸ்டால். ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், 25 வயதுகூட இருக்காது. என் கையிலிருந்த கட்டைப் பார்த்து, "மேடம், ஒண்ணு பார்க்கலாமா?" என்றாள். மேலே இருந்த கார்டைத் திருப்பி, நான் எழுதியிருந்த வரியை நிதானமாகப் படித்தாள். படித்துவிட்டு, "இதை விட்டுடாதீங்க மேடம், மெசேஜே இதுலதான் இருக்கு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். அவள் சொன்னது சரி, அதுதான் என் வயிற்றெரிச்சலே. விஷயம் தெரிந்தவள் என்று நம்பினேன். ஒவ்வொரு கார்டுக்கும் பின்னால் இருக்கும் குறிப்பை வைத்துத் தனித்தனியாக எழுதி, மூன்று நாளில் அனுப்புவார்களாம். 14,500 ரூபாய். அங்கேயே போனில் அனுப்பினேன். கட்டை அப்படியே கொடுத்தேன். அதோடு நிற்கவில்லை, வேலைத் தொடர்புகளுக்கான அந்த வலைத்தளத்தின் கடவுச்சொல்லையும் கொடுத்து, ஓடிபி வந்ததும் வாசித்தும் காட்டினேன். ஆமாம், என் பிள்ளை செய்திருந்தால் வீட்டில் ஒரு கச்சேரியே நடந்திருக்கும்.

திங்கள்கிழமை மெசேஜ் போனது. 43 பேருக்கும் ஒரே மெசேஜ். ஆங்கிலத்தில் போயிருந்ததைத் தமிழில் சொன்னால் இதுதான்: "மாநாட்டில் உங்களை முதன்முறையாகச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி. நாம் இணைந்து வளரும் வாய்ப்புகளைப் பற்றிப் பேச 15 நிமிடம் ஒதுக்க முடியுமா?" இது எனக்குக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியருக்கும் போயிருக்கிறது. முதன்முறையாகச் சந்தித்ததில் மகிழ்ச்சியாம்! இன்னொருவருக்கு "அன்புள்ள ஜெனரல் மேனேஜர் அவர்களே" என்று போயிருக்கிறது, கார்டில் பெயர் எங்கே, பதவி எங்கே என்றுகூடப் பார்க்காமல். பதில் எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் "யார் நீங்கள்?" என்றார், மற்றவர் எனக்கு இன்ஷூரன்ஸ் விற்கப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை காலையில் என் கணக்கையே முடக்கிவிட்டார்கள், வெளி மென்பொருள் வைத்து மொத்தமாக அனுப்பியதாகக் காரணம் போட்டு. தளத்தின் விதி அப்படித்தான், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கம்பெனிக்கு போன் போட்டேன். முதல் நாள் "டீம் பார்த்துட்டிருக்காங்க மேடம்". அடுத்த நாள் "ப்ராசஸ்படிதான் போயிருக்கு மேடம்". மூன்றாவது நாள் வேறொரு ஆள், "மேடம், நீங்க கட்டின பணம் அனுப்புறதுக்குத்தான், பதில் வர்றதுக்கு நாங்க பொறுப்பில்லை" என்றார். குறிப்பை வைத்து எழுதுவதாகத்தானே சொன்னீர்கள் என்று கேட்டால், அது "பிரீமியம் பிளான்"ல வருமாம், 32,000 ரூபாய். 14,500 கொடுத்தவளிடம் 32,000 கேட்கிறார்கள், நெஞ்சழுத்தம் பாருங்கள்.

ஒரே ஒரு கார்டை மட்டும் நான் முன்பே போட்டோ எடுத்து வைத்திருந்தேன். ஈரோடு பக்கம் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர். வெள்ளி மதியம் டீ வரிசையில் நின்றபடி இருபது நிமிடம் பேசினோம். ஆர்ஓ மெம்பரேன் அடிக்கடி அடைக்கிறது என்று என் வாடிக்கையாளர் ஒருவருடைய பிரச்சினையைச் சொன்னபோது, "ஃபீட் தண்ணியில மட்டும் சிலிக்கா பார்த்தா பத்தாதுங்க, ரிஜெக்ட்டையும் பாருங்க" என்றார். ஃபீட் என்றால் மெம்பரேனுக்குள் போகும் தண்ணீர், ரிஜெக்ட் என்றால் அது வடிகட்டாமல் கழித்து விடும் தண்ணீர், சிலிக்கா என்றால் தண்ணீரில் கரைந்திருந்து மெம்பரேனில் படியும் மணல் சத்து. அவருக்காவது நானே எழுதலாம் என்று புதன்கிழமை வாட்ஸப்பைத் திறந்தேன்.

முதலில் எழுதியது பத்து வரி. லேப் ஆரம்பித்த கதை, என்னென்ன கருவி இருக்கிறது, அங்கீகாரச் சான்றிதழ், கடைசியில் "உங்கள் நிலையத்தின் பரிசோதனைகளை எங்களுக்குத் தர வேண்டுகிறேன்". படித்துப் பார்த்தேன். இதில் அவர் பதில் சொல்ல என்ன இருக்கிறது? ஆர்டர் கொடு, இல்லாவிட்டால் பேசாமல் இரு, இரண்டே வழிதான். மனிதர்கள் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். அழித்தேன். அடுத்தது, "அன்று பேசியது மிகவும் பயனுள்ளதாக இருந்தது, எப்போது போனில் பேசலாம்?" இது சின்னதாக இருந்தாலும் அதே கோளாறுதான். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றே சொல்லாமல் அவருடைய நேரத்தைக் கேட்கிறது. பயனுள்ளதாக இருந்தது என்று யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அந்தக் கம்பெனிக்காரர்களும் அதைத்தானே செய்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆத்திரத்தில் வேறு வேலை ஓடாமல் அவர் சொன்னதைச் செய்து பார்த்திருந்தேன், ரிஜெக்ட்டையும் அளந்தேன். கணக்கு உதைத்தது. ஃபீடில் லிட்டருக்கு 38 மில்லிகிராம் சிலிக்கா. 75 சதவீதத் தண்ணீரை மெம்பரேன் வழியாக எடுத்துவிட்டால் மீதிக் கால் பங்கில் எல்லாம் நான்கு மடங்காகச் சேர வேண்டும், அதாவது 152. எனக்கு வந்ததோ 118. அதையே எழுதினேன்:

"வணக்கம் சார். வெள்ளி மதியம் டீ வரிசையில் சிலிக்கா பற்றிப் பேசினோம், திருப்பூர் லேப். நீங்கள் சொன்னபடி ரிஜெக்ட்டையும் அளந்தேன். ஃபீட் 38, ரிஜெக்ட் 118, ரெக்கவரி 75 சதவீதம். 152 வர வேண்டாமா? குறைகிற 34 மெம்பரேனில் தங்குகிறதா?"

அவ்வளவுதான். எங்கே பார்த்தோம் என்பது, அவர் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை, அதைக் கேட்டு நான் செய்தது, அவர் மட்டும் ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. என் பெயரைக்கூட விட்டுவிட்டேன், பெயரை வைத்து அவருக்கு நினைவு வரப்போவதில்லை, டீ வரிசையும் சிலிக்காவும்தான் நினைவில் இருக்கும்.

கால் மணி நேரத்தில் பதில். "சாம்பிள் எடுத்து எத்தனை மணி நேரம் கழிச்சுப் பார்த்தீங்க? மாலிப்டேட் முறையா?" மறுநாள்தான் பார்த்தேன், மாலிப்டேட் முறைதான் என்றேன். உடனே அவரே கூப்பிட்டுவிட்டார். அந்த முறையில் நிறம் கொடுப்பது தண்ணீரில் தனித்தனியாகக் கரைந்திருக்கும் சிலிக்கா மட்டும்தான், ரிஜெக்ட் மாதிரி அடர்த்தியான தண்ணீரைச் சும்மா வைத்திருந்தால் சிலிக்கா ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும், பிணைந்தது நிறத்தில் தெரியாது, அதனால் குறைகிற 34ம் மெம்பரேனில்தான் இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம் என்றார். சோடியம் பைகார்பனேட் போட்டுச் சூடாக்கிவிட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை, இரண்டையும் எடுத்த அன்றே பார்க்கச் சொன்னார். 40 நிமிடம் பேசினோம். நடுவில் சிரித்துக்கொண்டே, "திங்கக்கிழமை உங்க பேர்ல ஒரு நோட்டீஸ் வந்துச்சுங்க, அது நீங்கன்னே தெரியல" என்றார். எனக்குக் காது சுட்டது. இன்னும் ஆர்டர் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வாரம் நேரில் வந்து அவருடைய ரிஜெக்ட் சாம்பிளையும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

எழுதச் செலவானது ஒரு மணி நேரம். நான் கொடுத்தது 14,500.

மெசேஜ் எழுதுவது பற்றி விரிவாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. கடவுச்சொல், ஓடிபி யாருக்கும் தராதீர்கள். கார்டு கட்டைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். "அனுப்பித் தருகிறோம்" என்பவரிடம், காசு கொடுப்பதற்கு முன்னால் உங்கள் கார்டுகளில் மூன்றை எடுத்து அங்கேயே எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தளத்திலேயே அழைப்போடு குறிப்பு எழுதுவதானால் இலவசக் கணக்குக்கு இடம் 200 எழுத்துதான், தமிழில் "கி" என்று ஓர் எழுத்து போட்டாலே இரண்டாகக் கணக்காகும், ஆகவே வணக்கத்தையும் கேள்வியையும் மட்டும் வையுங்கள். வாரம் தாண்டினால் டீ வரிசையும் மறந்துபோகும். பணம் போனால் 1915க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் உதவி எண். நானும் பதிந்திருக்கிறேன், பார்ப்போம்.

நேற்று சாயங்காலம் கடைசியாகக் கேட்டது பணத்தைக்கூட அல்ல. என் கார்டுகளையாவது திருப்பிக் கொடுங்கள், பின்னால் எழுதியதை வைத்து நானே ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொள்கிறேன் என்றேன். "முன்பக்கம் ஸ்கேன் பண்ணினதும் கிழிச்சுப் போட்டுடுவோம் மேடம், அது எங்க பாலிசி" என்றார்.

ராத்திரி உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். மீதி 42 பேரில் ஆறு பேர்தான் வந்தார்கள்.