படத்தைப் பார்த்து மாம்பழம் வாங்கி 10 கிலோவுக்கான பணத்தைத் தொலைத்தேன், நீங்களும் ஏமாறாதீர்கள்

இன்று காலையில்தான் கடைசிப் பழத்தையும் குப்பையில் கொட்டினேன். கோபம் இன்னும் ஆறவில்லை. கைப்பேசியில் படம் அனுப்பி ஆர்டர் எடுக்கும் ஒரு பழ வியாபாரியிடம் 10 கிலோ மாம்பழத்துக்கு முன்கூட்டியே முழுப் பணமும் கட்டினேன். எண்ணிப் பார்த்ததில் 40 பழம். வாயில் வைக்க முடிந்தது ஒன்பது.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. அதைச் சொல்லித்தான் கேட்டேன். "அக்கா, படத்தைப் பாருங்க, எல்லாம் தங்கம் மாதிரி. ஒரு வாரம் அப்படியே நிக்கும்" என்றார். படத்தில் ஒரு குவியல், அத்தனையும் ஒரே பொன் மஞ்சள். அந்த நிமிடமே நம்பிப் பணத்தை அனுப்பிவிட்டேன். அந்த ஒரு பேச்சே பொய் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. படத்தில் தெரிந்த அளவுக்கு உண்மையிலேயே பழுத்திருந்தால், வெளியே வைத்து இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஒரு வாரம் தாங்க வேண்டுமென்றால் நன்றாக முற்றிய, கெட்டியான பச்சைக் காயாக வாங்கியிருக்க வேண்டும். பழுத்த நிறம், ஒரு வாரம் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

பெட்டியைத் திறந்தபோது பொன் நிறம் இல்லை, வெளிறிய எலுமிச்சை மஞ்சள். வாசனையே இல்லை. மூன்றாம் நாள் தோல் சுருங்கிக் கரும்புள்ளி விழுந்தது. அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளையாக, புளிப்பாக இருந்தது. வெம்பல்! முற்றாத காயைப் பறித்து மேலே மட்டும் மஞ்சளாக்கியிருக்கிறார்கள். பழுக்க வைக்கும் கார்பைடு கல் வைத்தார்களா என்று என்னால் நிரூபிக்க முடியாது, அதனால் சொல்லவில்லை. ஆனால் முற்றாமல் பறித்த காயில் இனிப்பாக மாறுவதற்கு வேண்டிய மாவுச்சத்தே சேர்ந்திருக்காது. அதை என்ன செய்தாலும் நிறம் வரும், சுவை வராது.

உடனே கூப்பிட்டேன். முதலில் "வெயில்ல வெச்சிருப்பீங்க" என்றார். இல்லை என்றதும் "ஃபிரிட்ஜ்ல வெச்சிருக்கணும்" என்றார். பழுத்ததை வைத்தால் சில நாள் கூடுதலாக நிற்கும், சரி. பழுக்காததை வைத்தால் குளிர் தாக்கித் தோல் கறுத்து, அப்புறம் ஒழுங்காகப் பழுக்கவே பழுக்காது. பழம் விற்கிறவருக்கு இது தெரியாதா? மூன்றாவது தடவை கிடைத்த பதில்: "படத்தைப் பாத்துத்தானே வாங்கினீங்க?" அதற்குப் பிறகு செய்தியைப் படிக்கிறார், பதில் இல்லை. 10 கிலோவுக்கான பணம் போனது, ஒரு வார்த்தை வருத்தம்கூட இல்லை.

அதனால் அந்தப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் அதிலேயே இருந்தது. ஓரத்தில் விரித்திருந்த செய்தித்தாளும் மஞ்சளாக இருந்தது! மேலே மஞ்சள் தார்ப்பாய், அதன் வெளிச்சம்தான் பழத்துக்குப் பொன் நிறம் கொடுத்திருக்கிறது. செய்தித்தாளின் நிறத்தை முதலில் பார்த்திருந்தால் மற்றதை நம்பியிருக்க மாட்டேன். அடுத்து, காம்புப் பக்கம். முற்றிய காயில் தோள் இரண்டும் புடைத்துக் காம்பைவிட மேலே நிற்கும், காம்பு சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். இந்தக் குவியலில் காம்பு தெரிந்த மூன்று பழத்திலும் தோள் சரிந்து, காம்பு துருத்திக்கொண்டிருந்தது. மற்ற எல்லாம் காம்பு தெரியாதபடி கவிழ்த்து அடுக்கியவை. வேண்டுமென்றே அடுக்கினார்களா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அதோடு, தோள் சிவந்திருந்த இரண்டைக் காட்டி "நல்ல பழுப்பு" என்றார். அந்தச் சிவப்பு ரகத்தாலும் வெயில் பட்டதாலும் வருவது, பழுத்ததற்கு அடையாளமே இல்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. அவசரத்துக்கு இவ்வளவு: பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து, திறந்த வெளிச்சத்தில், காம்புப் பக்கம் தெரிகிற மாதிரி படம் கேளுங்கள். காம்பைச் சுற்றிக் கறுத்த வளையம் தெரிந்தால் விட்டுவிடுங்கள், அங்கிருந்துதான் அழுகல் இறங்கும். ஒரு பழத்தை அறுத்துக் கொட்டை வரைக்கும் காட்டச் சொல்லுங்கள். பப்பாளி என்றால் தோலில் ஒரு மஞ்சள் கீற்றாவது ஓடியிருக்கணும். முழுப் பச்சையில் பறித்தது பிறகு மெத்தென்று ஆகும், இனிப்பு ஏறாது. படம் அனுப்ப மறுத்தால் பணம் அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன், முழுசாக 10 கிலோவுக்கு.