திரையில் Delivered, கையில் ஒன்றுமில்லை: கூரியருக்கு முறைப்பாடு எழுதுவோர் கவனத்துக்கு

கொழும்பில் முன்கூட்டியே காசு கட்டி ஒன்லைனில் பொருள் எடுப்பவர்கள் இதை ஒருதரம் வாசியுங்கள். வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்கா, ஒரு கடையின் கணக்குக்கு 18,500 ரூபாய் போட்டு மிக்ஸி ஒன்று ஓடர் செய்திருந்தார். அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தார். யாரும் வரவில்லை, அழைப்பும் இல்லை. பின்னேரம் கூரியர் தளத்தில் பார்த்தால் Delivered என்று கிடக்கிறது.

அக்கா உடனே எழுதினார்: "உங்கள் சேவை படுமோசம். காசு கட்டியும் பொருள் வரவில்லை. ரைடர் பொய் சொல்கிறார். உடனே நடவடிக்கை எடுங்கள்." எல்லாம் நியாயமான கோபம். பதில்? "சிரமத்துக்கு வருந்துகிறோம், விசாரிக்கிறோம்." அதோடு சரி. பார்சல் இலக்கம் இல்லாததால் அவர்களால் எதையும் தேட முடியாது. கேள்வி இல்லாததால் பதில் சொல்லவும் தேவையில்லை. இலக்கத்தை வைத்துத் தேடினாலும், திரையில் ஒப்படைத்ததாக இருந்தால் கோப்பை மூடிவிடுவார்கள்.

அப்புறம் இருவருமாக இருந்து இப்படி மாற்றி எழுதினோம். பார்சலின் வே-பில் இலக்கத்தைத் தலைப்பிலேயே போட்டோம்.

"இந்தப் பார்சல் இன்று பிற்பகல் 2.40க்கு ஒப்படைக்கப்பட்டதாக உங்கள் தளம் காட்டுகிறது. எனக்குக் கிடைக்கவில்லை. என் தொலைபேசிக்கு அழைப்பும் வரவில்லை. ஒப்படைத்ததற்கான சான்றை, அதாவது பெற்றவரின் பெயர், கையொப்பம், ரைடர் எடுத்த படம் ஆகியவற்றை, நாளை மாலை 4 மணிக்கு முன் அனுப்பவும். சான்று இல்லையென்றால் Delivered என்ற பதிவை நீக்கி, பார்சல் இப்போது எங்கே என்று எழுத்தில் அறிவிக்கவும்."

தளத்தில் அந்த நேரம் தெரிந்த திரையைப் படமெடுத்து இணைத்தோம். பதிவை அவர்கள் பிறகு மாற்றினாலும் அது நம் கையில் இருக்கும். ரைடர் பொய்யர் என்ற வரியை எடுத்துவிட்டோம். அதை வைத்தால் அவர்கள் ரைடரைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள், பார்சலைத் தேட மாட்டார்கள்.

அதே மின்னஞ்சலைக் கடைக்கும் அனுப்பினோம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கூரியருக்குக் காசு கொடுத்து அனுப்பச் சொன்னது கடைதான், கூரியரின் வாடிக்கையாளரும் கடைதான். அதனால் கூரியரிடம் சான்றைக் கேளுங்கள், கடையிடம் பொருளை அல்லது காசைக் கேளுங்கள். இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்டால் "அவர்களிடம் கதையுங்கள்" என்று மாறி மாறித் தட்டிக்கழிப்பார்கள்.

மறுநாள் சான்று வந்தது. படத்தில் இருந்தது பக்கத்து ஒழுங்கையில் உள்ள தொடர்மாடியின் கேற். காவலாளி வாங்கி வைத்திருந்தார். அன்றே கூரியர் ஆள் போய் எடுத்துக்கொண்டு வந்தார். படம் கிடைக்காவிட்டால் இது கடைசிவரை தெரிந்திருக்காது.

உங்கள் தொடர்மாடியில் கமெரா இருந்தால் அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள், பழைய பதிவு தானாக அழிந்துவிடும். கடையும் கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள். எழுத்து மூல முறைப்பாட்டை, பொருள் வாங்கி 3 மாதத்துக்குள் கொடுங்கள். வங்கிச் சிட்டையையும் இந்த மின்னஞ்சல்களையும் அதோடு இணையுங்கள்.