ஆய்வேட்டுக்கு எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா: எதுவரை போகலாம்?

நாட்டார் வழக்காற்றியலில் ஆய்வேடு எழுதியபோது நான் எழுத்துத் தமிழைத்தான் எடுத்துக்கொண்டேன், இப்போதும் அதன் பக்கம்தான். தேர்வாளர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள், பேச்சு ஊருக்கு ஊர் மாறும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு முடிவைத் தந்த காரணம் வேறு: ஒரு செயலை யார் செய்தார் என்பது வாக்கியத்தில் தெரிய வேண்டும்.

மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுக்கும் சடங்கை எடுத்துக்கொள்வோம். தகவல் சொல்பவர், "பெரியவங்க சொன்னாங்க, அப்புறம்தான் கொடும்பாவி கட்டுனாங்க" என்கிறார். பெரியவங்க என்பது மரியாதைக்குரிய ஒருவரா, ஊர்ப் பெரியவர்கள் பலரா? சொன்னாங்க என்பதும் இரண்டுக்கும் பொருந்தும். நேரில் கேட்பவருக்குச் சூழல் சொல்லிவிடும், ஏட்டில் படிப்பவருக்குச் சொல்லாது. எழுத்தில் "பெரியவர் சொன்னார்" அல்லது "பெரியவர்கள் சொன்னார்கள்" என்று ஒன்றை எழுதியே ஆக வேண்டும், தெரியாவிட்டால் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். சடங்கை முடிவு செய்வது ஒரு தலைவரா, ஊர்க்கூட்டமா என்பதே ஆய்வுக் கேள்வியாக இருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. "சொன்னா" என்ற வடிவமும் இப்படித்தான்: சொன்னாளா, சொன்னாலா?

சரி, அதற்காக எவ்வளவு தூரம் போவது? அதே செய்தியைச் சிலர் இப்படி எழுதுவார்கள்: "மூத்தோர் மொழிந்த பின்னரே கொடும்பாவி கட்டப்பெற்றமை ஈண்டு அறியலாகிறது." ஈண்டு, அறியலாகிறது எல்லாம் அலங்காரம், படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். கெடுதல் "கட்டப்பெற்றமை"யில் இருக்கிறது, ஏனென்றால் கட்டியவர் யார் என்பது அங்கே காணாமல் போகிறது. பேச்சில் ஒருவரா பலரா என்பதாவது குழம்பியது, இங்கே ஆளே இல்லை. அதனால் நான் நிற்கும் இடம் "பெரியவர்கள் சொன்ன பிறகே இளைஞர்கள் கொடும்பாவி கட்டினார்கள்" என்ற அளவு. நல்ல நாளிதழ்க் கட்டுரையின் தமிழ், அவ்வளவுதான்.

பேச்சுக்கும் ஓர் இடம் கட்டாயம் உண்டு. தகவலாளர் சொன்னதை மேற்கோளுக்குள் சொன்னபடியே தர வேண்டும். "மழ" என்றால் "மழ"தான், திருத்தினால் தரவு போய்விடும். வச்சு, வெச்சு போல இரண்டு விதமாக எழுத முடிகிற சொற்களுக்கு, ஒலிப்பதிவில் வேறுபாடு கேட்காதவரை ஒரே எழுத்து முறையை வைத்துக்கொண்டு அதை முன்னுரையிலேயே சொல்லிவிட வேண்டும். மேற்கோளுக்கு அடுத்து உங்கள் எழுத்துத் தமிழில் விளக்கம் வரும்போது, ஒருவரா பலரா என்ற முடிவு அங்கே வெளிப்படையாகத் தெரியும், தவறானால் படிப்பவரே பிடித்துவிடலாம்.

"நான் கண்டேன்" என்பதற்குப் பதிலாக "ஆய்வாளர் கண்டார்" என்று எழுதும் வழக்கத்தையும் இதே காரணத்துக்காகத்தான் தவிர்க்கச் சொல்வேன். முந்தைய ஆய்வுகளைப் பேசும் இயலில் எந்த ஆய்வாளர் என்று குழம்பும். நெறியாளர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் "இந்த ஆய்வாளர்" என்றாவது எழுதலாம். என் பழக்கம் களஆய்வு ஏடுகளில்தான், அறிவியல் கட்டுரைகளில் செய்தவர் யார் என்பது பல இடங்களில் முக்கியமில்லாததால் "சூடாக்கப்பட்டது" போன்ற செயப்பாட்டு வினை அங்கே பொருந்தக்கூடும்.