ஒரு குறள், நான்கு புத்தகங்கள்: பதினோரு ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

பிரிக்பீல்ட்ஸில் திருக்குறள் வாங்கப் போகிறவருக்குத் தட்டுப்பாடு கிடையாது. நான்கு ரிங்கிட்டுக்குக் கையடக்கப் பதிப்பு கிடைக்கும். தடித்த அட்டையோடு எண்பது ரிங்கிட்டுக்கும் கிடைக்கும். பதினோரு ஆண்டுகளில் நான்கு வகைகள் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. யாருக்கு எதைக் கொடுப்பது என்பதை என் தங்கை மகளிடம் ஒரு தவறு செய்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

அவள் தேசியப் பள்ளியில் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பெண் குழந்தை பிறந்தபோது குறள் வேண்டும் என்று கேட்டாள். நான் பெருமையாகப் பரிமேலழகர் உரையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, "மாமா, மகளைப் பெற்றது கணக்கில் வராதா?" என்றாள்.

அவள் திறந்திருந்தது ஏழாம் அதிகாரம். நாம் மக்கட்பேறு என்று படித்ததைப் பரிமேலழகர் 'புதல்வரைப் பெறுதல்' என்கிறார். 'அறிவறிந்த மக்கட்பேறு' என்று வரும் 61ஆம் குறளில், 'அறிவறிந்த' என்ற அடைமொழி இருப்பதால் 'மக்கள்' என்னும் சொல் பெண்ணை ஒழித்து நிற்கிறது என்று விளக்குகிறார். 69ஆம் குறளில் தாய் தன் மகனைச் சான்றோன் எனக் 'கேட்ட'தற்கும், பெண்ணியல்பால் அவளுக்குத் தானாக அறிய முடியாது என்று காரணம் சொல்கிறார். குறளில் இருப்பது 'கேட்ட தாய்' மட்டுமே. மீதி பதின்மூன்றாம் நூற்றாண்டு உரையாசிரியருடையது. மூலமும் உரையும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்தவருக்கு அந்த உரை பெரும் புதையல். சொல்லுக்குச் சொல் இலக்கணம் காட்டும். முதல்முறை வாசிப்பவருக்கோ இரண்டும் ஒரே குரலாகக் கேட்கும்.

அன்றிலிருந்து எந்தப் பதிப்பைக் கையில் எடுத்தாலும் முதலில் 61, 69 இரண்டையும் புரட்டிவிடுவேன். மு. வரதராசனாரின் தெளிவுரை (1949) 61இல் 'நன்மக்கள்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. குறளுக்கு ஒரு வாக்கியம், அதற்குமேல் இல்லை. சில இடங்களில் 'ஏன்' என்ற கேள்விக்கு விடை கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் தமிழ் தடுமாறும் ஒருவர் நாளுக்கு ஒரு குறளை முடித்துவிடலாம்.

அடுத்து அவளுக்கு ஜி. யு. போப்பின் ஆங்கிலப் பெயர்ப்பைக் கொடுத்துப் பார்த்தேன். 1886இல் வந்த அதில் வேடிக்கையான ஒரு முரண் இருக்கிறது. 61ஆம் குறளின் பெயர்ப்பில் பிள்ளைகள் என்ற பொதுச்சொல் வருகிறது. அதிகாரத் தலைப்போ புதல்வரைப் பெறுதல் என்றே நிற்கிறது. எதுகை மோனைக்காக வளைத்த விக்டோரியா காலத்து நடை வேறு. அவள் பன்னிரண்டாம் அதிகாரத்தில் அடையாளத்தாளை வைத்து மூடியவள், மறுபடி திறக்கவில்லை. போப்பின் செய்யுளுக்குக் கீழே ட்ரூ, லாசரஸ் ஆகியோரின் உரைநடைப் பெயர்ப்பையும் அச்சிட்டிருக்கும் பதிப்பு கிடைத்தால் அதை வாங்கலாம். பொருளை உரைநடையில் பிடித்துக்கொண்டு செய்யுளை ரசிக்கலாம்.

கலைஞர் உரையை 55ஆம் குறளில் சோதிக்க வேண்டும். 'பெய்யெனப் பெய்யும் மழை' என்பதற்கு, கணவனைத் தொழுதெழும் மனைவி பெய் என்றால் மழை பெய்யும் என்பது பழைய பொருள். கலைஞரோ, ஆணைக்கு அஞ்சிப் பெய்யும் மழையைப் போலத் தன்னை அடிமையாக எண்ணிக்கொள்பவள் அவள் என்று உவமையாக்கிவிடுகிறார். விவாதத்துக்கு அருமையான வாசிப்பு. குறள் என்ன சொல்கிறது என்று அறிய வருபவருக்கு முதல் புத்தகமாக இதைக் கொடுக்க மாட்டேன்.

அதே 55ஆம் குறள் அச்சின் தரத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். 'தொழாஅள்' என்று அளபெடையோடு இருக்க வேண்டும். நான் வாங்கிய மலிவுப் பதிப்பு ஒன்றில் 'தொழாள்' என்றிருந்தது. ஓரெழுத்துதானே என்று விடக்கூடாது. 'தொழா–அள்' நிரைநேர், இரண்டு அசை. 'தொழாள்' என்றால் ஒரே அசை. அடியின் நடுவில் வெண்பாவுக்கு அது ஆகாது. இங்கே கைவைத்தவர் மற்ற 1329 குறள்களில் எத்தனை இடங்களில் கைவைத்தாரோ என்று அந்தப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டேன்.

நம் ஊர்ப் புழுக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பசை மட்டும் தடவிய முதுகு எனக்கு மூன்றாம் ஆண்டில் பிளந்தது. நூலால் தைத்தது இன்றும் உறுதியாக இருக்கிறது. கடையிலேயே நடுப்பக்கத்தை விரித்துத் தையல் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தங்கை மகளிடம் இப்போது இருப்பது தைத்த மு.வ. பதிப்பு. பரிமேலழகரைத் திருப்பிக் கேட்டேன், தர மறுத்துவிட்டாள். போன மாதம் காஜாங்கில் அவள் வீட்டில் அதை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் அதிகாரத் தலைப்பில் 'புதல்வரை'க்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.