வயரிங் மேசையில் தேங்கும் கிரைண்டர்: வேலையைப் பிரிப்பதா, இன்னொரு மேசை போடுவதா?

வாளையார் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், க.க.சாவடி, மதுக்கரை சுற்றுவட்டாரத்தில் டேபிள் டாப் கிரைண்டர் பூட்டும் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். சரக்கில் பெரும்பங்கு பாலக்காடு வழியாகக் கேரளா போகிறது. ஷிப்ட் எட்டரை மணி நேரம், அதாவது 510 நிமிடம். சாப்பாடு, இரண்டு டீ, கடைசியில் துடைப்பது எல்லாம் 60 நிமிடம் போனால் மிச்சம் 450 நிமிடம், அதாவது 27,000 விநாடி. ஆர்டர் நாளைக்கு 300.

27,000 ÷ 300 = 90 விநாடி. இதுதான் டாக்ட் டைம். 90 விநாடிக்கு ஒரு கிரைண்டர் லைனை விட்டு இறங்க வேண்டும். மோட்டார் ஓடும் வேகத்துக்கும் ஆள் கைவேகத்துக்கும் இந்த எண்ணில் இடமில்லை; ஆர்டரும் கையிலிருக்கும் நேரமும் மட்டுமே இதைத் தீர்மானிக்கின்றன.

ஸ்டாப்வாட்சில் ஆளுக்குப் பத்து சுற்று பார்த்து, வழக்கமாக அந்த மேசையில் நிற்பவரின் நேரத்தை எழுதினால் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் விநாடி; அட்டவணையில் கடைசி இரண்டு நெடுவரிசையும் நாம் ஒப்பிடப்போகிற இரண்டு வழிகள்.

| மேசை | இப்போது | பிரித்தால் | இரண்டாம் மேசை போட்டால் |
|---|---|---|---|
| மோட்டார் | 78 | 78 | 78 |
| புல்லி, பெல்ட் | 70 | 86 | 70 |
| வயரிங் | 124 | 88 | 62 |
| டிரம், கல் | 62 | 62 | 62 |
| டெஸ்ட் | 84 | 84 | 84 |
| பேக்கிங் | 58 | 78 | 58 |

மொத்த வேலை 476 விநாடி. 90ஆல் வகுத்தால் 5.3, ஆக ஆறு பேர் போதும். ஆறு பேர் இருந்தும் நாளைக்கு 217தான் இறங்குகிறது, ஏனென்றால் லைனின் வேகம் வயரிங்கின் வேகம். மோட்டார் மேசையின் 78 விநாடி வேகத்தில் முன்மேசையிலிருந்து மணிக்கு 46 வருகிறது, இங்கிருந்து 29தான் போகிறது. ஒரு மணி நேரத்தில் 17 பாடி வயரிங் முன்னால் குவிந்துவிடும். டிரம் மேசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். குறையும் 83ஐ ஓவர்டைமில் முடிக்கலாம்தான். ஆனால் அது தினம் 2 மணி 50 நிமிடம், ஆறு பேருக்கும், இரட்டைச் சம்பளத்தில். கூடுதலாக ஒரு ஆள் வைப்பதைவிட இது செலவு.

முதல் வழி, வேலையைப் பிரிப்பது. வயரிங்கின் 124ஐ உடைத்தால் சுவிட்ச் மாட்ட 20, கெபாசிட்டர் கிளிப் 16, வயர் நுனியில் லக் கிரிம்பிங் 20, இணைப்பு 34, பவர் கார்டு மாட்ட 18, எர்த் 16. கெபாசிட்டர் கிளிப்பை பெல்ட் மேசைக்குத் தள்ளலாம். கிரிம்பிங்கை பேக்கிங் ஆள் முன்கூட்டியே செய்து, 25 செட் போட்ட டப்பாவாகக் கொடுக்கலாம். வயரிங் 88க்கு இறங்கிவிடும், ஆள் கூடவில்லை.

இங்கே எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு. டிரம் மேசையில் 28 விநாடி சும்மா இருக்கிறதே என்று எர்த்தை அங்கே தள்ளுவது. காகிதத்தில் 78, அழகாக உட்காரும். ஆனால் வயரிங்கில் பாடி கவிழ்ந்திருக்கிறது; டிரம் மேசைக்கு வரும்போது அடிமூடி பூட்டி நிமிர்த்தியாயிற்று. எர்த் ஸ்க்ரூ போட மறுபடி கவிழ்த்து மூடியைக் கழற்ற வேண்டும். 16 விநாடி வேலை முக்கால் நிமிடமாகும். அவசரத்தில் விட்டுப்போனால் டெஸ்டில் பிடிபடும், பிடிபட்டதை யார் திரும்பக் கழற்றுவது? காலி நேரத்தைப் பார்ப்பதற்கு முன் எதற்குப் பின் எது என்ற வரிசையைப் பார்க்க வேண்டும்.

பிரிப்பதன் பலவீனம், 88க்கும் 90க்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லை என்பது. கரன்ட் கால் மணி நேரம் போனாலே 300 தொடாது, 296தான்.

இரண்டாம் வழி, இன்னொரு வயரிங் மேசை. ஒவ்வொரு பாடியும் 124 விநாடி எடுக்கும், ஆனால் இரண்டு மேசை மாறி மாறி இறக்குவதால் 62க்கு ஒன்று. இப்போது டெஸ்டே மிக மெதுவான மேசை: 27,000 ÷ 84, நாளைக்கு 321. விலை ஏழாவது ஆளும் இன்னொரு செட் கிரிம்பிங் கருவியும். வேலையில் பாதிப் பேர் சும்மா நிற்பதுபோல் தெரியும். உண்மையில் ஏழு பேரின் நேரத்தில் 81 சதம் பயனாகிறது, முதல் வழியில் 90.

காலை ரயிலில் பாலக்காட்டிலிருந்து வரும் வயரிங் ஆள் வராத நாளில் இரண்டும் வேறுவிதமாக ஆடும். பிரித்த லைனில் ஐந்து பேர் 476ஐச் சமமாகப் பங்கிட்டாலும் ஆளுக்கு 95; 283க்கு மேல் வராது, அதுவும் வயரிங் தெரிந்த இன்னொருவர் இருந்தால். இரண்டு மேசை இருந்தால் மற்றவர் தொடர்வார், பழைய 217 நிச்சயம்.

ஆக 300க்கு நாங்கள் பிரிப்பதையே சொல்வோம். ஓணத்துக்கு ஆர்டர் 320 ஆனால் டாக்ட் 84க்கு வந்துவிடும், பிரித்த லைனின் 88 ஈடுகொடுக்காது. ஓணத்தை ஒட்டிய இரண்டு மாதத்துக்கு மட்டும் இரண்டாம் மேசை. அப்போதும் டெஸ்ட் 84இல் நுனியில் நிற்கும். ஓட்டிப்பார்க்கும் நேரம் கைவேகத்தால் குறையாது என்பதால், டெஸ்ட் மேசையில் இரண்டு பாடியை ஒன்றாக ஓடவிட ஒரு பிளக் கூடப் போட்டுவிட்டுத்தான் இரண்டாம் வயரிங் மேசையைப் போட வேண்டும்.