பக்க வரிசையா, மூலக் காரணமா: திரைக்கதை மதிப்பீட்டு அறிக்கையை எழுதும் இரு முறைகள்

திரைப்பட நிறுவனமொன்றில் பயிலுநராகச் சேரும் ஒருவருக்குப் பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படும் வேலை, வேறொருவர் எழுதிய திரைக்கதையை வாசித்து ‘கவரேஜ்’ எனப்படும் மதிப்பீட்டு அறிக்கையை எழுதுவதுதான். முகப்பு விவரங்களும் ஒருவரிச் சுருக்கமும் முதலில் வரும். முடிவையும் மறைக்காமல் நிகழ்காலத்தில் சொல்லும் கதைச்சுருக்கம் ஒன்றிரண்டு பக்கங்களுக்கு அமையும். அதன்பின் ஏறத்தாழ ஒரு பக்கக் கருத்துரையும் இறுதித் தீர்ப்பும் இடம்பெறும். இவற்றுள் எழுதுபவரின் திறமை வெளிப்படுவது கருத்துரையில் என்பதால், அதை எழுதும் இரு முறைகளை மட்டுமே இங்கு ஒப்பிடுகிறேன்.

இதற்கெனக் கற்பனையாக 112 பக்கத் திரைக்கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் வைத்திருக்கும் தேவகி என்ற பெண்ணுக்கு, கணவர் இறந்தபின், குளத்து நீரை நம்பிக் கோடையில் செய்யும் சிறுபோக நெற்செய்கையில் உரிய பங்கு மறுக்கப்படுகிறது. 30ஆம் பக்கத்தில் அதை எதிர்ப்பதென அவள் தீர்மானிக்கிறாள். பின்னர் அண்ணன் அலுவலகங்களுக்கு அலைகிறார். அயலவர்கள் கூடிப் பேசுகிறார்கள். 84ஆம் பக்கத்தில் புதிதாக வந்த அலுவலர் ஒருவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துப் பங்கைத் திருப்பிக் கொடுக்கிறார்.

பக்க வரிசையில் எழுதுபவர், “41ஆம் பக்கத்தில் உரையாடல் நீள்கிறது, 56ஆம் பக்கத்தில் அண்ணன் மறுபடியும் அதே அலுவலகத்துக்குப் போகிறார், 84ஆம் பக்கத்தில் அலுவலரின் வருகை தற்செயலாக இருக்கிறது” என்று குறித்துக்கொண்டே போவார். ஒவ்வொன்றும் சரிதான். ஆயினும் இந்தக் கதையை வாங்குவதா, விடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய தயாரிப்பாளருக்கு, இவை மூன்றும் ஒரு நாளில் திருத்தக்கூடிய சில்லறைக் குறைகளாகவே தோன்றும்.

மூலக் காரணத்தைத் தேடி எழுதுபவரோ, “30ஆம் பக்கத்துக்குப் பின் தேவகி எந்த முடிவையும் எடுப்பதில்லை; அவளுக்காகப் பிறர் செயற்படுவதால் காட்சிகள் மீள நிகழ்கின்றன, சிக்கலும் வெளியாளொருவரால் தீர்க்கப்படுகிறது” என்று தொடங்கி, அதே பக்கங்களைச் சான்றாகக் காட்டுவார். நடுப்பகுதி முழுவதும் மீள எழுதப்பட வேண்டும் என்பது இப்போது தெளிவாகிறது. இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கக் கடினமான வழி எதுவும் தேவையில்லை: வாசிக்கும்போதே ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே அதில் முடிவெடுத்தவர் யார் என ஒரு பெயரை எழுதிக்கொண்டு வந்தால், முதன்மைப் பாத்திரத்தின் பெயர் எந்த இடத்தில் மறைகிறது என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

என் தெரிவு இரண்டாவது முறையே. எனினும் அதற்கும் ஓர் ஆபத்து உண்டு: பிடித்துப்போன ஒரு காரணத்துக்குள் எல்லாக் குறைகளையும் அடைக்க மனம் முயலும். இந்தத் திரைக்கதையிலேயே அதற்கு அடங்காத குறை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர் போதாது என்று பங்குக்காக நடக்கும் வாக்குவாதம் மார்கழி மழையில் நிகழ்கிறது. வடகீழ்ப் பருவமழையால் குளம் நிரம்பி, மிகை நீரை வெளியேற்றும் வான் கதவுகள் திறக்கப்படக்கூடிய காலம் அது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி வெள்ளத்தில் மூழ்கியதை வன்னியில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கும் கூட்டமோ மழைக்கால நெற்செய்கையான காலபோகத்தின் அறுவடையை ஒட்டி, குளத்தில் எஞ்சியிருக்கும் நீரின் அளவைப் பார்த்தே நடைபெறும். பாத்திரத்தின் செயலின்மை இந்தக் குறையை விளக்காது. கதையின் மோதலே தண்ணீர்ப் பற்றாக்குறையில் நிற்பதால், இதை வெறும் தகவற்பிழையாக அடிக்குறிப்பில் தள்ளவும் முடியாது. தனிப் பந்தி கொடுக்க வேண்டும். மாறாக, பின்னணியில் தெரியும் பேருந்தின் வழித்தட இலக்கம் பிழை என்றால், ஊர்க்காரருக்கு உறுத்தினாலும் அதை விட்டுவிடலாம்.

கதைச்சுருக்கத்தை எழுதும்போது இந்த ஊர் அறிவு வேறொரு தொல்லையையும் தரும். மார்கழிக் காட்சியைத் தன்னையறியாமல் பங்குனிக்கு மாற்றி எழுதிவிட்டால், திரைக்கதையில் உள்ள ஓட்டை தயாரிப்பாளரின் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். எழுதியிருப்பது எதுவோ அதுவே சுருக்கத்தில் வர வேண்டும்.

தீர்ப்பைப் பொறுத்தவரை ‘பாஸ்’ என்றால் நிராகரிப்பு, ‘கன்சிடர்’ என்றால் பரிசீலிக்கலாம், ‘ரெக்கமெண்ட்’ என்றால் உறுதியான பரிந்துரை. பல நிறுவனங்கள் திரைக்கதைக்கும் எழுத்தாளருக்கும் தனித்தனித் தீர்ப்புக் கேட்கும். பக்க வரிசை அறிக்கையை எழுதியவர் இரண்டு இடத்திலும் ‘கன்சிடர்’ என்று போட்டுத் தப்பிக்கொள்ள இடமுண்டு. மூலக் காரணத்தைக் கண்டவரோ, நடுப்பகுதியும் மோதலின் காலமும் உடைந்திருப்பதால் திரைக்கதைக்கு ‘பாஸ்’ என்றும், முதல் 30 பக்கங்களில் தேவகியின் பேச்சும் பிடிவாதமும் உயிர்ப்போடு இருப்பதால் எழுத்தாளருக்குக் ‘கன்சிடர்’ என்றும் எழுதி, இரண்டுக்கும் பக்க எண்ணோடு காரணம் காட்டுவார்.