கூட்டிப் படிக்கும் வயதுக்கு எந்த போன் விளையாட்டு?

ஆறு வயதுக் குழந்தை தமிழ் வாசிப்பும் கூட்டல் கழித்தலும் பழக ஒரு விளையாட்டு வேண்டும் என்று பிளே ஸ்டோரில் தேடினால், பட்டியல் முடியாமல் நீளும். எல்லாவற்றிலும் யானை இருக்கும், பலூன் இருக்கும், கைதட்டல் இருக்கும். படத்தையும் நட்சத்திர மதிப்பீட்டையும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: விளையாட்டு அடுத்த கட்டத்துக்கு நகர, குழந்தை என்ன செய்ய வேண்டியிருக்கிறது? வாசித்தால்தான் நகரும் என்றால் அது வாசிப்புப் பயிற்சி. வாசிக்காமலே நகர்த்த முடிந்தால், குழந்தைகள் அந்த வழியை மிகச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாசிப்பிலிருந்து தொடங்கலாம். இங்கே போட்டி இரண்டு வகைகளுக்கு இடையில்தான். ஒன்று, எழுத்தின் மேல் விரலால் வரையச் சொல்லும் விளையாட்டுகள். இன்னொன்று, குழந்தையைச் சத்தமாக வாசிக்க வைத்துக் கேட்கும் செயலி. இரண்டாவதில் தமிழுக்கு உருப்படியாக இருப்பது கூகுளின் Read Along. இது 2019-இல் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில்தான் முதலில் வந்தது. தமிழ் பின்னால் சேர்ந்தது.

வரையும் விளையாட்டுகளில் ‘அ’ புள்ளிக் கோடுகளாகத் தெரியும், குழந்தை விரலை இழுக்கும், ‘அம்மா’ என்று ஒரு குரல் சொல்லும், அடுத்து ‘ஆ’. மூன்று நான்கு வயதில் எழுத்துகளைக் கண்ணுக்குப் பழக்க இது போதும். ஆறு வயதுக்கு இரண்டு காரணங்களால் போதாது. முதலாவது, பல செயலிகள் விரல் புள்ளிகளைத் தொட்டதா என்று மட்டுமே பார்க்கின்றன. எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழித்தது என்பதைப் பார்ப்பதில்லை. கீழிருந்து மேலாகத் தேய்த்தாலும் கைதட்டல் விழும். நீங்களே ஒருமுறை வேண்டுமென்றே தலைகீழாக வரைந்து பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. தமிழ் வாசிப்பில் குழந்தைகள் தடுமாறுவது உயிர் பன்னிரண்டிலும் மெய் பதினெட்டிலும் இல்லை, 216 உயிர்மெய்யில்தான். ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’ என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். அது ‘கோ’ ஆக, கொம்பில் ஒரு சுழி கூடினால் போதும். உகர வரிசையில் கு, சு, து, மு, ரு என ஒவ்வொன்றும் தனித்தனி வடிவம். இந்த இடத்தில்தான் உதவி வேண்டும். ஆனால் பெரும்பாலான வரையும் விளையாட்டுகள் ‘ஔ’, ‘ன்’ வரை வந்து நின்றுவிடுகின்றன, அல்லது உயிர்மெய்யை ஓர் அட்டவணையாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நிறுவும் முன் திரைக்காட்சிப் படங்களைப் பாருங்கள். ‘கொடி’, ‘கோழி’ போன்ற சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும் பகுதி ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

ரீட் அலாங் வேறு மாதிரி வேலை செய்கிறது. திரையில் ஒரு சிறுகதை, பக்கத்துக்கு ஓரிரு வரிகள். குழந்தை மைக்கில் சத்தமாக வாசிக்க, தியா என்ற பெண் பாத்திரம் கேட்கும். சரியாக வாசித்த சொல்லுக்கு நட்சத்திரம் கிடைக்கும். ஒரு சொல்லில் நின்றுவிட்டால் அதைத் தொட்டால் தியா உச்சரித்துக் காட்டும். கதைகளை ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். குழந்தையின் குரல் போனிலேயே அலசப்படுகிறது, வெளியே போவதில்லை. முக்கியமாக, வாய் திறக்காமல் நட்சத்திரம் கிடைக்காது.

இதிலும் ஓட்டை உண்டு. சொல்லைத் தொட்டு, கேட்டு, திருப்பிச் சொன்னாலும் நட்சத்திரம் வரும். அது கேட்டுச் சொல்வது, வாசிப்பு இல்லை. என் அண்ணன் மகள் இரண்டாம் வகுப்பு. அவள் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். ‘குட்டி யானை தோட்டத்துக்குப் போனது’ என்பது போல ஒரு வரி. குட்டி, யானை இரண்டையும் தானே கூட்டி வாசித்தாள். ‘தோட்டத்துக்கு’ வந்ததும் விரல் போனது, தியா சொன்னது, அவளும் சொன்னாள், நட்சத்திரம். ‘போனது’க்கும் விரல் போனது. திரையைப் பார்த்தால் வரி முழுக்க வெற்றிதான். அவள் விரல் போன இடங்களைப் பார்த்தால் இரண்டிலும் இரட்டைக்கொம்பு. போனை மூடிவிட்டு ஒரு தாளில் தட்டு, தொட்டி, தோட்டம், பட்டு, பொட்டு, போட்டி என்று எழுதிக் கொடுத்தேன். தட்டும் பட்டும் சட்டென்று வந்தன. ‘தொட்டி’யைத் ‘தோட்டி’ என்றாள், ‘பொட்டு’ம் ‘போட்டு’ ஆனது. ஒகரமும் ஓகாரமும்தான் அவள் சிக்கல் என்பது அந்த ஒரு தாளில் தெளிவாகிவிட்டது. பிறகு அந்த வரிசைக்கு மட்டும் கையால் எழுதிய அட்டைகள், அதற்கப்புறம் மறுபடி கதை என்று போனோம்.

நட்சத்திர எண்ணிக்கையைவிட விரல் எத்தனை முறை போகிறது என்பதுதான் எனக்கு அளவுகோல். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு விரல் போனால் அந்தக் கதை சரியான மட்டம். மூன்று நான்குக்குப் போனால் ஒரு படி கீழே இறக்குங்கள். வயதையும் வகுப்பையும் வைத்து மட்டத்தைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துத்தானே பிரிக்கிறார்கள்.

இன்னொரு வரம்பையும் சொல்ல வேண்டும். ல, ள, ழ வேறுபாட்டைத் திருத்தும் பொறுப்பை இந்தச் செயலியிடம் விடக் கூடாது. குழந்தைகளின் மழலைக்கு இடம் கொடுத்துக் கேட்கும் எந்தக் குரலறி நிரலுக்கும் ‘பழம்’, ‘பளம்’ இரண்டும் அருகருகேதான் விழும். தொலைக்காட்சி ஓடும் அறையில் தவறுகள் இன்னும் கூடும். சரியாக வாசித்த சொல்லுக்கே ஏற்பு கிடைக்காமல் குழந்தை எரிச்சலாவதைப் பார்த்தால், முதலில் அறையை மாற்றிப் பாருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். இங்கே மூன்று வகைகளை ஒரே கணக்கைக் கொடுத்து ஒப்பிடலாம்: 8 + 5.

மிகப் பரவலாக இருப்பது வினாடி வினா வகை. 8 + 5 திரையில் வரும், கீழே 12, 13, 15 என்று மூன்று பலூன்கள், மேலே ஓடும் கடிகாரம். மூன்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே சராசரியாக மூன்று முறைக்கு ஒருமுறை சரியாகிவிடும். தவறினால் பலூன் வெடிக்கும், அதுவும் வேடிக்கைதான். விரல் விட்டு எண்ணும் குழந்தைக்குக் கடிகாரம் நேரம் தராது, அதனால் ஊகிக்கத் தொடங்கும். ஏன் 13 என்பது எந்த இடத்திலும் காட்டப்படுவதில்லை.

இரண்டாவது Kahoot! Numbers. முன்பு டிராகன்பாக்ஸ் நம்பர்ஸ் என்ற பெயரில் இருந்தது, நார்வேக்காரர்கள் செய்தது. இதில் எண்கள் நூம் என்ற உயிர்கள். எட்டு என்ற நூம் ஐந்தைவிட உயரம், அதுவும் எண்ணுக்கேற்ற சரியான அளவில் உயரம். ஒன்றை இன்னொன்றுக்குத் தின்னக் கொடுத்தால் இரண்டும் சேரும். விரலால் வெட்டினால் இரண்டாகப் பிரியும். ஐந்தை 2, 3 என்று வெட்டி, இரண்டை எட்டுக்கு ஊட்டினால் பத்து, மிச்சம் மூன்று. மனக்கணக்கில் பெரியவர்கள் செய்யும் ‘பத்தாக்கும்’ படி இதுதான். இங்கே அதைக் குழந்தை கையால் செய்கிறது. ஊகிக்க மூன்று விடைகள் கிடையாது. புதிர்ப் பகுதியில் வெட்டிய துண்டு பொருந்தாவிட்டால் பொருந்தவில்லை, அவ்வளவுதான். யாரும் ‘தவறு’ என்று சொல்லத் தேவையில்லை. கணக்கு வகையில் எனக்கு மிகப் பிடித்தது இது. குறை, சந்தா கட்ட வேண்டும். கட்ட முடியாதவர்கள் பழைய நாள்காட்டி அட்டையில் ஒரு செ.மீ. முதல் பத்து செ.மீ. வரை பட்டைகள் வெட்டிக்கொள்ளலாம். பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குசினேரின் வண்ணக் கோல்களும் இதே அளவுகள்தான்.

மூன்றாவது GCompris. கேடிஇ என்ற தன்னார்வ மென்பொருள் குழுவின் கட்டற்ற மென்பொருள், 2000-இல் தொடங்கியது. முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது. இதில் ஒரு தராசு விளையாட்டு உண்டு: ஒரு தட்டில் எடை இருக்கும், கொடுத்திருக்கும் எடைகளில் சிலவற்றை மறு தட்டில் வைத்துச் சமன் செய்ய வேண்டும். ஒரு பக்கம் 13 இருந்தால் எட்டும் ஐந்தும் சேர்ந்து சமன் ஆகும், கையிருப்பில் இருந்தால் பத்தும் மூன்றும் ஆகும். சமக்குறி என்றால் ‘இங்கே விடை எழுது’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, அது இரு பக்கமும் ஒன்று என்று புரியும் இடம் இது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் குழந்தை ஒன்றிலும் நிலைக்காமல் தாவும், சிறிய போன் திரையில் சின்னங்களும் நெருக்கும். படத்தின் மூலையில் உள்ள சூரியனைத் தொட்டு நான்கைந்தை மட்டும் விருப்பப் பட்டியலில் சேர்த்துக் கொடுங்கள். கடின அளவை நட்சத்திரங்களால் வரையறுக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது.

எது ஒட்டியது என்று பார்க்க, போனுக்கு வெளியே 9 + 4 கேளுங்கள், விளையாட்டில் வந்த அதே கணக்கைக் கேட்காதீர்கள். ஒன்பது புளியங்கொட்டை ஒரு குவியல், நான்கு இன்னொரு குவியல். ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து எண்ணினால் இன்னும் தொடக்கம்தான். ஒன்பதிலிருந்து தொடர்ந்து எண்ணினால் ஒரு படி மேலே. நான்கிலிருந்து ஒரு கொட்டையை ஒன்பதின் பக்கம் தள்ளிவிட்டுப் பதிமூன்று என்றால், நூம் வெட்டியது மனதில் இறங்கியிருக்கிறது. அந்த நிலைக்கு வந்த பிறகு வினாடி வினா வகையைத் தாராளமாகக் கொடுக்கலாம். புரிந்த கூட்டலை வேகப்படுத்தவும் வாய்ப்பாட்டை உறுதிப்படுத்தவும் கடிகாரம் நன்றாக உதவும்.

Khan Academy Kids பற்றிப் பலர் கேட்கிறார்கள். இரண்டு முதல் எட்டு வயது வரைக்கானது, இலவசம், விளம்பரமோ உள்ளே வாங்கச் சொல்வதோ இல்லை. ஆங்கில எழுத்தொலிக்கும் தொடக்கக் கணக்குக்கும் தரமானது. தமிழ் வாசிப்புக்கு இதில் ஒன்றும் இல்லை. விளக்கங்கள் ஆங்கிலத்தில் என்பதால், ஆங்கிலம் புரியாத குழந்தை கணக்கில் தவறுவது கணக்காலா மொழியாலா என்று தெரியாமல் போகும். பக்கத்தில் ஒருவர் உட்கார முடியுமென்றால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவும் பொத்தானுக்கு அருகில் “Contains ads” என்று இருந்தால் இந்த வயதுக்கு அதை ஒதுக்கிவிடுவேன். விளம்பரத்தை மூடும் சிறிய பெருக்கல் குறியைக் குழந்தையின் விரல் சரியாகப் பிடிக்காது, வேறெங்கோ போய் நிற்கும். “In-app purchases” மட்டும் இருந்தால் பிளே ஸ்டோர் அமைப்புகளில் வாங்குவதற்குக் கடவுச்சொல் வைத்துவிட்டு முயன்று பார்க்கலாம். முதல் நாள் விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டுக் கையில் கொடுங்கள். ரீட் அலாங், ஜிகாம்ப்ரி இரண்டிலும் வேண்டியதை முன்பே இறக்கி வைத்திருந்தால் அப்படியே ஓடும்.